அளக்கவா, அளிக்கவா? 1971 தட்டச்சுக் கடிதம் ஒன்றைப் படியெடுக்கும்போது வந்த சிக்கல்

படிப்பகத்துப் பேத்தி | 4 மார்ச், இரவு 9.40

தாத்தா ஊர்ப் படிப்பகத்தின் கௌரவச் செயலாளராக இருந்தார். நூலகம் கட்ட இடம் கேட்டு அவர் போட்ட மனுவுக்கு 1971-இல் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்த தமிழ்த் தட்டச்சுக் கடிதம் என்னிடம் இருக்கிறது. அதோடு அதே கோப்பில் இன்னும் பதின்மூன்று கடிதங்கள். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். வரி இது:

"...ஊரைச் சேர்ந்த நூலகத்திற்குப் புறம்போக்கில் 8 சென்ட் நிலம் அளக்க உத்தரவிடப்பட்டுள்ளது."

அளக்கவா, அளிக்கவா? ளகரத்துக்கு மேலே தெளிவாக எதுவும் இல்லை. பக்கத்தில் ஒரு அழுக்கு மாதிரி தெரிகிறது. அளக்க என்றால் சர்வேயர் வந்து சங்கிலி போட மட்டும் உத்தரவு. அளிக்க என்றால் நிலமே கிடைத்திருக்க வேண்டும். தாத்தா சாகும்வரை "கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார்கள்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நூலகம் அந்த இடத்தில் கட்டப்படவில்லை.

வாசகன்72 | 4 மார்ச், இரவு 10.15

பாமினியா, வானவில்லா? எழுத்துரு பெயரைச் சொன்னால் மாற்றி இருக்கிறது, ஒட்டினால் ஒருங்குறியாக வந்துவிடும்.

படிப்பகத்துப் பேத்தி | 4 மார்ச், இரவு 10.22

எழுத்துரு இல்லை, காகிதம். இயந்திரத்தில் அடித்தது. நான் கண்ணால் பார்த்துத்தான் அடிக்கிறேன்.

நகராவிசை | 5 மார்ச், காலை 6.05

அம்மா, நான் தட்டச்சுப் பயிலகத்தில் முப்பது வருடம் தமிழ் முதுநிலை சொல்லிக் கொடுத்தவன். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். அந்த அழுக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது? ளகரத்தின் தலைக்கு மேலா, அடுத்த ககரத்தின் தலைக்கு மேலா?

ஏன் கேட்கிறேன் என்றால், எழுத்தும் குறியும் அந்த இயந்திரத்தில் தனித்தனி அடி. கொம்பு, துணைக்கால் இரண்டும் அடித்தால் வண்டி ஒரு கட்டம் நகரும். அவற்றுக்குச் சொந்த இடம் உண்டு. புள்ளியும், இகரக் குறியான மேல்விலங்கும் அப்படியில்லை. அவை நகரா விசை. அடித்தால் தாளில் பதியும், வண்டி அங்கேயே நிற்கும். அடுத்து எழுத்தை அடித்தால் இரண்டும் ஒரே கட்டத்தில் சேரும், அப்புறம்தான் நகரும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன முத்தையா 1930-களில் தமிழ் இயந்திரத்துக்கு வழி கண்டதே இந்த நகரா விசையை வைத்துத்தான்.

ஆகவே எங்கள் மாணவர்களுக்கு முதல் பாடம்: குறி முந்தி, எழுத்து பிந்தி. "கோரி" என்று அடிக்க இரட்டைக்கொம்பு, க, கால், மேல்விலங்கு, ர. ஐந்து அடி, நான்கு கட்டம்.

குறிநிரல் | 5 மார்ச், காலை 9.30

ஐயா சொல்வது அடிக்கும் வரிசை. ஒருங்குறியில் சேமிக்கும் வரிசை வேறு. கொம்பு தாளில் எழுத்துக்கு முன்னால் வந்தாலும், கோப்பில் முதலில் மெய், பிறகுதான் குறி. பேத்தி, நீங்கள் "பார்த்து அடிக்கிறேன்" என்றீர்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் கோப்பில் நூலகம் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.

படிப்பகத்துப் பேத்தி | 5 மார்ச், மதியம் 1.10

தேடினேன். பதினான்கு கடிதத்திலும் ஒன்றுகூட அகப்படவில்லை. கண்ணுக்கு முன்னால் வரிக்கு வரி நூலகம் என்று நிற்கிறது!

படிப்பகத்துப் பேத்தி | 5 மார்ச், மதியம் 1.45

காரணம் தெரிந்துவிட்டது. தாளில் நூ எப்படி இருக்கிறதென்றால், நு ஒன்று, அதன் வாலில் கால் மாதிரி ஒரு சின்ன இழுப்பு. நானும் நு போட்டு, துணைக்காலைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். "நுாலகம்." திரையில் ஏறக்குறைய அதேபோலத் தெரிகிறது, ஆனால் அது நூ இல்லை. இதே தவறு "தூரம்", "தூண்" எல்லாவற்றிலும்.

அப்புறம் தாத்தாவின் பதவி. கௌரவ என்பதில் கடைசித் துண்டு தாளில் அச்சு அசலாக ளகரம்தான். இயந்திரத்தில் ள விசையையே அடித்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. நான் க, கொம்பு, ள என்று மூன்றாக வைத்துவிட்டேன். கோப்புக்குள் பார்த்தால்:

```
கெள   0B95 0BC6 0BB3
கௌ   0B95 0BCC
```

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு வேறு சொல்.

நகராவிசை | 5 மார்ச், மாலை 4.20

ஆமாம், ள விசைதான். ஔகாரத்துக்குத் தனி விசை வைத்து இடத்தை வீணாக்கவில்லை. தாளில் "கெள" என்றும் "கௌ" என்றும் பிரித்துக் காட்ட அந்த இயந்திரத்தால் முடியாது. படிக்கிறவர்தான் சொல் அறிந்து பிரிக்க வேண்டும். அதனால் அந்தத் தட்டச்சர் எழுத்துப்பிழை செய்தார் என்று குறிப்புப் போட்டுவிடாதீர்கள். அவர் சரியாகத்தான் அடித்திருக்கிறார்.

குறிநிரல் | 5 மார்ச், மாலை 5.00

சுலபம். கொம்பு + ள எங்கே வந்தாலும் ௌ என்று மாற்றிவிடுங்கள். ஒரு நொடி வேலை.

படிப்பகத்துப் பேத்தி | 5 மார்ச், மாலை 6.35

தம்பி, செய்துவிட்டேன். செய்த பிறகு "வெளியூர்" என்பது "வௌியூர்" ஆகிவிட்டது. "தெளிவாக" போச்சு. "வெள்ளிக்கிழமை" போச்சு. நல்லவேளை, பழைய பிரதி வைத்திருந்தேன்.

குறிநிரல் | 5 மார்ச், மாலை 6.50

மன்னிக்கவும், அவசரப்பட்டுவிட்டேன். ளகரத்துக்குப் பிறகு குறியோ புள்ளியோ வந்தால் அது உண்மையான ள. வெறும் ளகரமாக நின்றால் மட்டும் மாற்றலாம்:

```
re.sub("\u0BC6\u0BB3(?![\u0BBE-\u0BCD])", "\u0BCC", s)
```

நகராவிசை | 6 மார்ச், காலை 6.10

அதுவும் போதாது தம்பி. புள்ளி விசை சரியாக விழாத இடத்தில் "வெளளி" என்றுதான் தாளில் இருக்கும். அதைப் பார்த்தபடி அடித்திருந்தால் உங்கள் விதி "வௌளி" ஆக்கிவிடும். பதினான்கு கடிதத்தில் ஔகாரம் எத்தனை வந்துவிடும்? ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

படிப்பகத்துப் பேத்தி | 6 மார்ச், காலை 8.00

பார்த்தேன். ஒன்பது இடம். எட்டு கௌரவ, ஒன்று சௌகரியம். ஐயா சொன்னபடியே ஒரு "வெளளிக்கிழமை"யும் இருந்தது, இரண்டாவது கடிதத்தில். கையாலேயே திருத்தினேன்.

பழுப்புத்தாள் | 6 மார்ச், காலை 10.40

என் அம்மாவின் பணிப்பதிவேட்டிலும் இதே கதை. ஆனால் என் பிரச்சினை வேறு. அது 1978-க்கு முந்தையது, லை, னை, ணா எல்லாம் பழைய வடிவம். அந்த வடிவத்தை ஒருங்குறியில் எப்படி அடிப்பது? தனி எழுத்து இருக்கிறதா? இல்லையென்றால் இந்தக் கடிதத்தையும் பழைய எழுத்தில்தானே கொண்டுவர வேண்டும்?

குறிநிரல் | 6 மார்ச், காலை 11.05

தனி எழுத்து இல்லை, தேவையும் இல்லை. 1978 அரசாணை அந்தப் பதின்மூன்று எழுத்துகளின் உருவத்தைத்தான் மாற்றியது. துதிக்கை போட்ட லை ஆனாலும் இன்றைய லை ஆனாலும் குறியீடு ஒன்றே. பழைய தோற்றம் வேண்டுமென்றால் அது எழுத்துருவின் வேலை. அம்மாவின் பதிவேட்டில் இன்றைய எழுத்தாகவே அடியுங்கள், முகப்பில் ஒரு வரி குறிப்புப் போதும்.

படிப்பகத்துப் பேத்தி | 6 மார்ச், இரவு 9.15

இன்னொரு குழி. இதில்தான் இரண்டு நாள் போயிருக்கும்.

தாளில் புள்ளி வைத்த ரகரத்துக்குக் கீழே கால் இல்லை. வெறும் துணைக்கால், தலையில் புள்ளி. ரி, ரீ இரண்டுக்கும் அப்படியே. என் பாட்டியின் கையெழுத்தும் அதே மாதிரிதான் இருக்கும், அதனால் எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. துணைக்கால் போட்டுப் புள்ளி வைத்துக்கொண்டே போய்விட்டேன். "அவா்கள்", "செயலாளா்", "பொிய", எல்லாம் இப்படி.

இங்கே ஒரு விபரீதம் பாருங்கள். "ஊரைச் சேர்ந்த" என்பதைச் ச, இரட்டைக்கொம்பு, துணைக்கால், புள்ளி என்று வைத்தேன். கணினிக்கு இரட்டைக்கொம்பும் காலும் அடுத்தடுத்து வந்தால் அது ஓகாரம். சேர்ந்த என்பது "சோ்ந்த" ஆகிவிட்டது. அதேபோலப் பெரிய என்பது "பொிய". நான் எழுதாத ஓகாரமும் ஒகாரமும் என் கோப்பில் உட்கார்ந்திருக்கின்றன.

குறிநிரல் | 6 மார்ச், இரவு 10.00

இதற்கு விதி எழுதலாம், இந்தமுறை யோசித்துத்தான் சொல்கிறேன். துணைக்காலுக்குப் பின்னால் புள்ளியோ மேல்விலங்கோ மேற்சுழியோ தமிழில் வரவே வராது. வந்தால் அந்தக் கால் ரகரம்தான். உகரக் குறியை அடுத்துத் துணைக்காலும் வராது. வந்தால் அது ஊகாரம்.

```
s = re.sub("\u0BBE(?=[\u0BBF\u0BC0\u0BCD])", "\u0BB0", s)
s = s.replace("\u0BC1\u0BBE", "\u0BC2")
s = unicodedata.normalize("NFC", s)
```

வரிசை முக்கியம். மூன்றாவது வரி கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்த்துவிடும். அதை முதலில் ஓட்டினால் "சே" + கால் நிஜமாகவே "சோ" ஆகிவிடும், பிறகு முதல் வரிக்குக் கால் கண்ணில் படாது.

குறிநிரல் | 6 மார்ச், இரவு 10.12

ஒரு திருத்தம். முன்பே சேர்ந்துவிட்டிருந்தாலும் மீட்கலாம். ஓகாரத்துக்கு மேல் புள்ளியும், ஒகாரத்துக்கு மேல் மேல்விலங்கும் எந்தச் சொல்லிலும் வராது. "ோ்" வந்தால் "ேர்", "ொி" வந்தால் "ெரி". சில விசைப்பலகைகள் அடிக்கும்போதே சேர்த்துவிடும், அதனால் இதையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

படிப்பகத்துப் பேத்தி | 7 மார்ச், காலை 7.30

ஓட்டினேன். நூலகம் இப்போது 31 இடத்தில் கிடைக்கிறது.

ஆனால் விதிக்குத் தப்பிய ஒன்று: "அவாகளின்". தாளில் புள்ளி விழவில்லை, நான் புள்ளி வைக்கவில்லை, ஆகவே விதிக்கு அது குற்றமற்ற துணைக்கால். "அவா" என்று தமிழில் ஒரு சொல்லும் இருப்பதால் சொற்பிழை திருத்தியும் தயங்கி நிற்கிறது. இதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

படிப்பகத்துப் பேத்தி | 7 மார்ச், காலை 7.55

யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் திருத்தியது எல்லாம் ஒரே வகை இல்லை.

நூ, கௌ, ர் மூன்றிலும் தட்டச்சர் சரி, நான்தான் அடிகளை எழுத்துகளாக எண்ணிவிட்டேன். அவற்றைச் சத்தமில்லாமல் சரிசெய்யலாம். "வெளளி", "அவாகள்" இரண்டிலும் தாளிலேயே புள்ளி இல்லை. அதைச் சேர்த்தால் நான் சேர்த்தேன் என்று தெரிய வேண்டும். அதனால் "வெள[்]ளி" என்று சதுர அடைப்புக்குள் வைக்கலாம் என்றிருக்கிறேன். மூன்றாவதாக, "கட்டிடம்" என்று அடித்திருக்கிறார், இன்னொரு கடிதத்தில் "கட்டடம்". அது அவர் எழுதிய தமிழ், நான் தொடப்போவதில்லை.

அளக்க என்பது இந்த மூன்றில் எதில் சேரும் என்றுதான் தெரியவில்லை.

நகராவிசை | 7 மார்ச், காலை 9.20

அடைப்புக்குறி நல்ல வழக்கம். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே. அழுக்கு எந்தக் கட்டத்தில்?

படிப்பகத்துப் பேத்தி | 7 மார்ச், இரவு 8.30

மன்னிக்க வேண்டும் ஐயா. இன்றுதான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ளகரத்தின் மேல் எதுவும் இல்லை, சுத்தமாக இருக்கிறது. அழுக்கு அடுத்த கட்டத்தில், அதாவது முதல் ககரத்தின் தலையில். அங்கே புள்ளி இருக்கிறது. ஆனால் அந்தப் புள்ளி மற்றப் புள்ளிகள் போல உருண்டையாக இல்லை. வலது பக்கம் தடித்து, கீழ்நோக்கி ஒரு நிழல் இறங்குகிறது.

நகராவிசை | 8 மார்ச், காலை 6.00

அப்படியானால் கேளுங்கள். "அளிக்க" என்பதற்குச் சரியான வரிசை: அ, மேல்விலங்கு, ள, புள்ளி, க, க. வேகமாக அடிக்கிறவர் மேல்விலங்கை மறந்து ளகரத்தை முதலில் அடித்துவிடுவார். ள அடித்தவுடன் வண்டி நகர்ந்துவிடும். உடனே ஞாபகம் வந்து மேல்விலங்கை அடித்தால் அது அடுத்த கட்டத்தில் விழும். அதன்மேல் புள்ளி, அதன்மேல் க. ஒரே கட்டத்தில் மூன்று அடி. என் மாணவர்கள் தாளில் இதை நூறு தடவை சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன். மேல்விலங்கு ஒரு எழுத்து தள்ளி ஏறியிருக்கும்.

நீங்கள் பார்த்த தடித்த புள்ளி அதுவாக இருக்கலாம். நிச்சயம் செய்ய, தாளைத் திருப்புங்கள். அறையை இருட்டாக்கி, கைவிளக்கைத் தாளோடு தாளாகப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். நாடாவில் மை இல்லாவிட்டாலும் உலோக அச்சு தாளை அழுத்தியிருக்கும். பின்பக்கம் மேடாகத் தெரியும். புள்ளி மற்ற எழுத்துகளைவிட ஆழமாகக் குத்தும், சில இடத்தில் ஓட்டையே விழும். மேல்விலங்கு வளைவாகத் தெரியும்.

ளகரத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள். அங்கே வளைவு இருந்தால் கதை வேறு. மை பிடிக்காத அடி என்று பொருள்.

பழுப்புத்தாள் | 8 மார்ச், காலை 8.45

எழுத்தை விடுங்கள், கடிதத்தைப் பாருங்கள். அடுத்த வரியில் என்ன இருக்கிறது? சர்வேயர் வருவதாக இருந்தால் அளக்க.

படிப்பகத்துப் பேத்தி | 8 மார்ச், காலை 9.10

"வருகிற வெள்ளிக்கிழமை காலை தாங்கள் மேற்படி இடத்தில் நேரில் இருக்கக் கோரப்படுகிறது." சர்வேயர் என்ற சொல் இல்லை. அளக்க வந்தாலும் நேரில் இருக்கச் சொல்வார்கள், ஒப்படைக்க வந்தாலும் சொல்வார்கள்.

படிப்பகத்துப் பேத்தி | 8 மார்ச், இரவு 11.20

பார்த்தேன். கை நடுங்கியது, அதனால் மூன்று தடவை பார்த்தேன்.

ளகரத்தின் பின்பக்கம் ளகரம் மட்டும். மேலே மேடு இல்லை. ககரத்தின் பின்பக்கம் ஒரு குத்து, அது புள்ளி. அதை ஒட்டி ஒரு வளைந்த மேடு, நகத்தால் தடவினால் உணர முடிகிறது. அதே கடிதத்தில் "கோரி", "மனுவில்" இரண்டின் மேல்விலங்கையும் திருப்பிப் பார்த்தேன். கட்டத்துக்குள் அதே உயரம், அதே இடம், அதே வளைவு.

நகராவிசை | 9 மார்ச், காலை 5.50

என் கணக்கில் அது அளிக்க.

குறிநிரல் | 9 மார்ச், காலை 9.00

எனக்கு அவ்வளவு உறுதி வரவில்லை ஐயா. "அளக்க" அடிக்கும்போது கை தவறி மேல்விலங்கைத் தொட்டுவிட்டு, அது நகரா விசை என்பதால் அப்படியே விட்டுவிட்டு, புள்ளியும் ககரமும் அடித்திருக்கலாம் அல்லவா? தாளில் இதே தடம்தான் விழும். மேல்விலங்கு அடிக்கப்பட்டது என்பது வரைக்கும் நிரூபணம். வேண்டுமென்றே அடித்தார் என்பது ஊகம்.

நகராவிசை | 9 மார்ச், காலை 10.30

தவறித் தொட்டால் இவ்வளவு அழுத்தம் விழாது. நகத்துக்குத் தெரிகிற மேடு முழு அடி. ஆனால் தம்பி சொல்வதை முழுக்க மறுக்க என்னால் முடியாது. அந்தத் தட்டச்சர் இதே தவறை வேறு எங்காவது செய்திருக்கிறாரா? ஒரே கையின் பழக்கம் ஒரே மாதிரி இருக்கும்.

படிப்பகத்துப் பேத்தி | 10 மார்ச், இரவு 9.45

தட்டச்சரின் சுருக்கொப்பம் கீழே இருக்கிறது. அதே சுருக்கொப்பம் உள்ள கடிதங்கள் மொத்தம் நான்கு. நான்கையும் விளக்கு வைத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் "விணண்ப்பம்" இருக்கிறது. முதல் ணகரத்துக்கு உரிய புள்ளி இரண்டாவது ணகரத்தின் மேல் ஏறியிருக்கிறது. அதாவது எழுத்தை அடித்துவிட்டுக் குறியைப் பின்னால் அடித்திருக்கிறார், ஒரு கட்டம் தள்ளி. மேல்விலங்கு தள்ளிய இடம் வேறு இல்லை.

நகராவிசை | 11 மார்ச், காலை 6.15

எனக்கு அது போதும்.

குறிநிரல் | 11 மார்ச், காலை 9.20

எனக்கு முக்கால்வாசி போதும். அலுவலகத்தில் நிறுத்திய கார்பன் பிரதி இருந்தால் பார்க்கலாம். அதில் நாடா மங்கல் பிரச்சினை கிடையாது, அடித்த வேகத்தில் கார்பன் மை இறங்கியிருக்கும். வட்டாட்சியர் யாராவது கையால் திருத்தியும் இருக்கலாம்.

படிப்பகத்துப் பேத்தி | 11 மார்ச், இரவு 10.05

ந.க. எண்ணும் நாளும் குறித்து, பிரதி கேட்டு எழுதியிருக்கிறேன். கிடைக்கும்வரை கோப்பில் இப்படி வைத்திருக்கிறேன்:

"8 சென்ட் நிலம் அள[ி]க்க உத்தரவிடப்பட்டுள்ளது."

அடிக்குறிப்பில்: மேல்விலங்கு ளகரத்தின் மேல் இல்லை, அடுத்த ககரத்தின் கட்டத்தில் புள்ளியோடு சேர்ந்து பதிந்துள்ளது, தாளின் பின்பக்கம் தடம் உள்ளது, "அளக்க" என்றும் படிக்கலாம். தேடும்போது இரண்டும் அகப்பட வேண்டும் என்பதற்காக "அளிக்க", "அளக்க" இரண்டையும் அடிக்குறிப்பில் முழுச் சொல்லாகவே எழுதிவிட்டேன்.

பழுப்புத்தாள், அம்மாவின் பதிவேட்டில் ரகரத்தை எப்படி அடித்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். "சோ்" என்று தேடினால் தெரிந்துவிடும்.

பழுப்புத்தாள் | 12 மார்ச், காலை 7.40

தேடினேன். 46.